பெரியம்மா வீட்டு விளம்பரம்

பெரியம்மா ஞாயிற்றுக்கிழமைகளில்தான் தொலைபேசி எடுப்பார். அன்று புதன்கிழமை. லண்டனில் பின்னேரம் நான்கு மணி, ஊரில் இரவு எட்டரை.

"தம்பி, வந்த சனம் நாளைக்குக் காலமை வெளிக்கிடுகினமாம்."

"ஏன் பெரியம்மா? அஞ்சு நாள் நிப்பம் எண்டெல்லோ சொன்னவை?"

"அந்த வயசுபோன அம்மாவாலை ஏலாது. முழங்கால். இரவிலை எழும்பி வெளியிலை போகேலாதாம். நீ அதைப் போடேல்லையோ?"

நான் போடவில்லை. அந்த வீட்டுக்கான விளம்பரக் காணொளியின் வசனம் முழுவதையும் எழுதியவன் நான். கிணற்றடி இருந்தது, மாமரம் இருந்தது, பெரியம்மா புட்டு அவிக்கும் ஆவி இருந்தது. கழிவறை எங்கே இருக்கிறது என்பது மட்டும் இல்லை.

வீடு வடமராட்சியில், பருத்தித்துறையிலிருந்து சற்று உள்ளே. பெரியம்மாவுக்குச் சீதனமாக வந்தது. பெரியப்பா போன பிறகு அவர் தனியே இருந்தார். மகள், என் தங்கச்சி, யாழ்ப்பாண நகரத்தில் ஆசிரியை. விற்றுவிட்டு நகரத்துக்கு வரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தோம். பெரியம்மா அசையவில்லை. வீட்டைப் பராமரிக்க நான் அனுப்பும் காசையும் வாங்க அவருக்கு மனம் இல்லை. இரண்டு அறைகளை வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்ற யோசனை அப்படித்தான் வந்தது. அது அவருடைய சொந்த வருமானமாக இருக்கும் என்பதால் ஒத்துக்கொண்டார்.

விளம்பரத்தை நானே செய்கிறேன் என்று பொறுப்பெடுத்தேன். முதுகலை படிக்க இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. தகவல் தொழில்நுட்ப ஆலோசகராக என் வேலையில் பாதி, வாடிக்கையாளருக்கு எதைத் தருவோம், எதைத் தரமாட்டோம் என்று எழுதிக் கொடுப்பதுதான். தராததை எழுதாமல் விட்டால் எவ்வளவு செலவாகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சொந்த வீடு என்று வந்தபோது அந்தப் புத்தி வேலை செய்யவில்லை.

முதல் வசனத்தைப் பிறகு எடுத்துவைத்து வரிவரியாகப் பார்த்தேன். அப்பட்டமான பொய் என்று ஒன்றுதான் இருந்தது: "நல்லூருக்கு அருகில்." நல்லூர் முப்பது கிலோமீற்றர் தூரம். பேருந்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். லண்டனிலிருந்து பார்த்தால் அது அருகில்தான். திருவிழாவுக்கு விடியப் போகவேண்டியவருக்கு அது அருகில் இல்லை.

மற்றவை பொய் இல்லை, ஆனால் பொய்யைப் போலவே வேலை செய்தவை. அவற்றில் மிகப் பெரியது நான் படம் எடுத்த மாதம். தைப்பொங்கலுக்குப் போயிருந்தபோது எடுத்தேன். மாரி மழை முடிந்து கிணறு மேலே நின்றது. வேலி, வயல் எல்லாம் பச்சை. இரவில் போர்வை தேவைப்பட்டது. ஆனால் விருந்தினர் வருவது பள்ளிக்கூட விடுமுறையில், நல்லூர்த் திருவிழாவை ஒட்டி, ஓகஸ்ட்டில். அப்போது மழை கண்டு பல மாதம் ஆகியிருக்கும். புல் காய்ந்து மண் தெரியும். சோளகக் காற்று விறாந்தை முழுக்கப் புழுதியைக் கொண்டுவந்து கொட்டும். கிணற்று நீர் இறங்கிச் சவர் கூடும். தை மாதத்து வீட்டைக் காட்டி ஆவணி மாதத்து வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன்.

அடுத்தது கைபேசியின் அகலக் கோணம். பத்தடிக்குப் பதினொரு அடி அறை, அந்தக் கோணத்தில் மண்டபம் மாதிரித் தெரிந்தது. கழிவறைக்கு நான் எழுதியிருந்தது "சுத்தமான தனிக் கழிவறை". அதுவும் உண்மைதான். வீட்டிலிருந்து தனியாகத்தான் இருக்கிறது.

வந்திருந்தது ஐந்து பேர் கொண்ட குடும்பம். கணவன், மனைவி, பதின்ம வயதில் இரண்டு பிள்ளைகள், கணவனின் தாயார். அவர்கள் சண்டை பிடிக்கவில்லை. மறுநாள் காலை பெரியம்மா தந்த இடியப்பத்தைச் சாப்பிட்டு, ஒரு இரவுக்கான காசைக் கொடுத்து, நகரத்திலுள்ள விடுதி ஒன்றுக்குப் போனார்கள். பிறகு மூன்று நட்சத்திரம் போட்டு இரண்டு வரி எழுதியிருந்தார்கள்: அந்த அம்மா அருமையானவர், ஆனால் படத்தில் பார்த்த வீடு இது இல்லை.

நட்சத்திரம் பெரியம்மாவுக்கு விளங்காது. இரண்டாவது வரியைத் தங்கச்சி வாசித்துக் காட்டியிருக்கிறாள். அடுத்த ஞாயிறு பெரியம்மா சொன்னார்: "நான் ஆருக்கும் இல்லாததைச் சொல்லி ஆக்களைக் கூப்பிட்டது கிடையாது. என்ரை வீட்டுக்கு வந்த ஒராள் இப்பிடிச் சொல்லிப் போட்டுப் போனது இதுதான் முதல்தரம்." அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்த அறைகள் பூட்டியே கிடந்தன.

இரண்டாவது வசனத்தைக் குற்ற உணர்வோடு எழுதினேன். கழிவறை வெளியே, தண்ணீர் சவர், நுளம்பு உண்டு, மின்சாரம் நிற்கும், நாய் குரைக்கும், கோயில் ஒலிபெருக்கி விடிய ஐந்து மணிக்கு, கடலில் குளிக்க முடியாது. பதினாறு குறைகள் வந்தன. தங்கச்சி வாசித்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணா, இது விளம்பரமோ, இல்லாட்டி ஒப்பரேசனுக்கு முன்னாலை கையெழுத்து வாங்கிற படிவமோ?"

அவள் சொன்னது சரி. அந்தப் பட்டியலும் நேர்மையானது இல்லை. நுளம்பும் வெளிக் கழிவறையும் அதில் ஒரே நிறையில் இருந்தன. வாசிப்பவருக்கு எது தன்னுடைய பயணத்தையே மாற்றக்கூடியது, எது ஒரு இரவில் பழகிவிடக்கூடியது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. பதினாறில் பதினான்காவதாக வரும் முழங்கால் பிரச்சினையை யாரும் காணமாட்டார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்ற திருப்தி எனக்கு மட்டும் மிஞ்சும்.

பிறகு நானும் தங்கச்சியும் தொலைபேசியில் அந்தப் பதினாறையும் மூன்று குவியலாகப் பிரித்தோம்.

முதற் குவியல், திருத்தக்கூடியவை. குளியலறைக்குப் போகும் பாதையில் விளக்கு இல்லை. படிக்குப் பிடிமானம் இல்லை. நுளம்பு வலையில் ஓட்டை. மெத்தை நடுவில் குழி. இவற்றை விளம்பரத்தில் சொல்வது நேர்மை இல்லை, சோம்பல். ஒரு மேசனும் ஒரு மின்வேலைக்காரரும் ஒரு வாரத்தில் முடித்தார்கள்.

இரண்டாவது, திருத்த முடியாதவை. தெரிந்திருந்தால் சிலர் வந்திருக்கவே மாட்டார்கள். கழிவறை வெளியே இருப்பது, நகரத்திலிருந்து உள்ள தூரம், குளிரூட்டி பின்னறையில் மட்டும் இருப்பது. இவை காணொளியின் முதல் அரை நிமிடத்துக்குள் வரவேண்டும். பலர் கடைசிவரை பார்க்கமாட்டார்கள்.

மூன்றாவது, ஆளுக்கு ஆள் வேறுபடுபவை. கோயில் சத்தம், உறைப்பு, சவர்த் தண்ணீர், நாய்கள். ஒருவருக்குத் தொல்லையாக இருப்பது இன்னொருவருக்கு ஊருக்கு வந்ததன் அடையாளம். இவற்றை நல்லது, கெட்டது என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லக்கூடாது. எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்ற அளவை மட்டும் சொல்லவேண்டும்.

அளவு என்று வந்தபோதுதான் எனக்கு எவ்வளவு தெரியாது என்பது விளங்கியது. மின்வெட்டையே எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் ஒரு இன்வேர்ட்டரும் 12 வோல்ற்று, 150 அம்பியர்-மணி ஈயப் பற்றரியும் இருக்கின்றன. 2022இல் நாளில் பல மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்த காலத்தின் பிறகு வாங்கிக் கொடுத்தது. கணக்குப்படி 1800 வாற்று-மணி. அந்த வகைப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்பதால் 900. இரண்டு மின்விசிறியும் விளக்குகளும் சேர்ந்து 200 வாற்று எடுக்கும். மின்மாற்றத்தில் போகும் இழப்பைக் கழித்தால் நான்கு மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும். "நான்கு மணித்தியாலம்" என்று எழுதினேன். தங்கச்சி ஒரு சனிக்கிழமை இரவு பிரதான ஆளியை அணைத்துவிட்டு நேரம் பார்த்தாள். மூன்று மணி இருபது நிமிடத்தில் இன்வேர்ட்டர் கத்தத் தொடங்கியது. பற்றரி பழசாகிவிட்டது. வசனத்தில் "மூன்று மணித்தியாலம்" என்று மாற்றினோம். அது பற்றரியின் வயதோடு குறையும் என்பதால் ஒவ்வொரு ஆடி மாதமும் திரும்ப அளப்பது என்றும் முடிவெடுத்தோம்.

தண்ணீரும் அப்படித்தான். குடாநாட்டின் அடியில் சுண்ணக்கல். மழைநீர் அதற்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீருக்கு மேல் ஒரு படையாக மிதக்கிறது. அதைத்தான் நாங்கள் கிணற்றில் அள்ளுகிறோம். மழை இல்லாத மாதங்களில் அந்தப் படை மெலியும். மோட்டர் போட்டு வேகமாக இறைத்தால் கீழேயிருந்து சவர் ஏறும். ஊரில் எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. நல்ல தண்ணி, சவர்த் தண்ணி என்ற இரண்டு சொல் போதும். ஆனால் லண்டனில் பிறந்த ஒரு பிள்ளை தலை முழுகிவிட்டு முடி கயிறு மாதிரி இருக்கிறது என்று அழும்போது அந்தச் சொற்கள் உதவாது. எனவே சொல்லாமல் காட்டினோம். பெரியம்மா சவுக்காரத்தைக் கையில் தேய்க்கிறார், நுரை வரவில்லை. ஐந்து செக்கன்.

கழிவறைக்கும் அதே வழி. கட்டிலில் தொடங்கி, அறைக் கதவு, பின் விறாந்தை, இரண்டு படி, முற்றம், கழிவறைக் கதவு என்று தங்கச்சி கைபேசியை நெஞ்சுயரத்தில் பிடித்துக்கொண்டு வெட்டாமல் நடந்தாள். இருபத்திரண்டு செக்கன் எடுத்தது. விளம்பரத்தில் அது மிக நீளம். சுருக்கச் சொல்லி நான் கேட்டேன். "அந்த அம்மா இதை இருட்டிலை நடக்கவேண்டி வந்தது அண்ணா," என்றாள். சுருக்கவில்லை.

படம் எல்லாம் ஓகஸ்ட்டில் எடுத்தது. இசை போடவில்லை. குரல் பெரியம்மாவுடையது. நான் எழுத்துத் தமிழில் எழுதிக் கொடுத்ததை அவர் இரண்டு வரி வாசித்துப் பார்த்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தார். பிறகு தன்பாட்டில் சொல்லத் தொடங்கினார். கடைசியில் நின்ற வசனம் இது:

படலையிலிருந்து வீடு. மேலே, எடுத்த மாதமும் வருடமும்.
"வணக்கம். இது பருத்தித்துறைப் பக்கத்திலை ஒரு கிராமத்து வீடு. ரவுணுக்கு பஸ்ஸிலை ஒரு மணித்தியாலத்துக்கு மேலை. நல்லூருக்கு விடியப் போற ஆக்கள் ரவுணிலை தங்கிறதுதான் சுகம்."

கட்டிலிலிருந்து கழிவறை வரை, வெட்டாமல்.
"கழிவறை வெளியிலை. இரண்டு படி, பிறகு பதினெட்டு எட்டு. இரவிலை லைற் எரியும், பிடிக்கக் கம்பி இருக்கு. மழைக்குக் குடை வேணும். ஒண்டு கொமட், மற்றது குந்திறது. முழங்கால் ஏலாத ஆக்கள் எண்டால் யோசிச்சு வாங்கோ."

அறை. தரையில் ஒரு பயணப் பெட்டி விரித்தபடி.
"ஒரு அறையிலை இரண்டு பேர். பெரிய பெட்டி ஒண்டைத்தான் விரிக்கலாம். மற்றதுகளை விறாந்தை அலுமாரியிலை வைச்சுப் பூட்டித் தருவன். ஏசி பின்னறையிலை மட்டும். கறண்ட் நிண்டால் ஃபானும் லைற்றும் மூண்டு மணித்தியாலம் ஓடும். ஏசி ஓடாது."

கையில் சவுக்காரம். பிறகு குசினி.
"தண்ணி சவர். குடிக்கிறதுக்கு வேறை தண்ணி வாங்கி வைச்சிருக்கிறன். சாப்பாடு எங்கடை வீட்டுச் சாப்பாடு. காலமை புட்டு, இடியப்பம், இல்லாட்டித் தோசை. மத்தியானத்துக்கு என்ன வேணும் எண்டு முதல்நாள் இரவே சொல்லுங்கோ, மீன் விடியத்தான் வாங்கலாம். வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. உறைப்பைக் குறைப்பன், இல்லாமல் சமைக்கத் தெரியாது. இரவு எட்டரைக்குப் பிறகு குசினி பூட்டு, நான் படுத்திடுவன்."

கறுப்புத் திரை. கோயில் ஒலிபெருக்கிச் சத்தம், தூரத்தில்.
"இது திருவிழாக் காலத்திலை விடிய அஞ்சு மணிக்கு உங்கடை அறைக்குள்ளை கேக்கிற சத்தம்."

கடற்கரை. கல்.
"கடல் சைக்கிளிலை பத்து நிமிசம். பார்க்கலாம், காத்து வாங்கலாம். கல்லுக் கரை, பிள்ளையளைக் குளிக்க விடாதேங்கோ. மணலிலை விளையாட மணற்காட்டுக்கு ஓட்டோ பிடிச்சுத் தருவன்."

மாமரத்தடி, இரண்டு கதிரை.
"அவ்வளவுதான். வாறதெண்டால் சொல்லுங்கோ."

மொத்தம் இரண்டு நிமிடம். "உறைப்பு இல்லாமல் சமைக்கத் தெரியாது" என்ற வரியை நான் எழுதியிருக்க முடியாது. நான் எழுதியிருந்தால் "உங்கள் சுவைக்கேற்பச் சமைத்துத் தரப்படும்" என்று எழுதி, எழுபத்து மூன்று வயதில் அவரை இரண்டு அடுப்பில் இரண்டு சமையல் செய்ய வைத்திருப்பேன். வசனம் விருந்தினருக்கு மட்டும் வாக்குக் கொடுப்பதில்லை. அந்த வாக்கை யார் நாள்தோறும் நிறைவேற்றுவது என்பதும் அதற்குள் இருக்கிறது. எட்டரைக்குப் பிறகு சுடுதண்ணீர் கேட்டு யாரும் கதவு தட்டினால் எழும்பவேண்டியது லண்டனில் இருக்கும் நான் அல்ல.

ஒரு விசயத்தில் மட்டும் மூவரும் நீண்ட நேரம் ஒத்துவரவில்லை. வீட்டின் மேற்குச் சுவரில் 1987இல் ஷெல் துண்டுகள் பட்ட குழிகள் இருக்கின்றன. வீட்டைத் திருத்திப் பூசியபோதும் பெரியப்பா அந்தச் சுவரை மட்டும் பூசவிடவில்லை. முதல் காணொளியில் அந்தப் பக்கமே போகாமல் படம் எடுத்தேன். இப்போது எல்லாவற்றையும் சொல்வது என்று முடிவெடுத்த பிறகு அதையும் சொல்லவேண்டாமா என்று கேட்டேன். இங்கே பிறந்த பிள்ளைகள் அதைப் பார்க்கத்தான் வருவார்கள் என்றுகூடச் சொன்னேன்.

பெரியம்மா உடனே சொன்னார்: "கேட்டால் சொல்லுவன். விளம்பரத்திலை போடாதை."

அதை யோசித்துக்கொண்டிருந்தேன். வந்து தங்குபவர் தீர்மானம் எடுக்கத் தேவையானது எதுவோ அதை மறைப்பது பொய். அந்தச் சுவரைத் தெரியாமல் வருபவருக்கு எந்த நட்டமும் இல்லை. அதைச் சொல்லி ஆட்களை வரவைத்தால்தான் பெரியம்மாவிடமிருந்து எதையோ எடுத்து விற்றதாக ஆகும். கடைசியில் கமரா வீட்டைச் சுற்றி வரும்போது மற்றச் சுவர்களைக் கடக்கும் அதே வேகத்தில் அந்தச் சுவரையும் கடக்கிறது. ஒளிக்கவும் இல்லை, நிறுத்திக் காட்டவும் இல்லை.

புதிய காணொளி வந்த பிறகு விசாரிப்பவர்கள் குறைந்தார்கள். முதல் வருடத்தில் வந்ததில் பாதி இருக்கும். அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரையும் என் முதல் வசனம் மாதிரி ஆகிவிடும். ஆனால் வந்தவர்கள் சொன்ன நாள்வரை நின்றார்கள். சிலர் குடை கொண்டுவந்தார்கள். ஒரு குடும்பம் பெட்டிகளை நகரத்தில் உறவினர் வீட்டில் வைத்துவிட்டு ஆளுக்கொரு தோள்பையோடு வந்தது. காணொளியால் சொல்ல முடியாதது வெக்கை மட்டும்தான். ஓகஸ்ட் மத்தியானம் எப்படி இருக்கும் என்பதைப் படத்தால் காட்ட முடியவில்லை. இன்னும் ஒவ்வொருவரும் வந்துதான் தெரிந்துகொள்கிறார்கள்.

போன ஆடியில் நோர்வேயிலிருந்து ஒரு பெண் பெரியம்மாவுக்கு எடுத்தாராம். காணொளியில் அந்தப் பதினெட்டு எட்டைத் தன் தாயோடு சேர்ந்து பார்த்தாராம். தாயால் அது ஏலாது, ஆனாலும் பெரியம்மாவின் குரலைக் கேட்டு வரவேண்டும்போல இருக்கிறது என்றாராம். பெரியம்மா அவர்களுக்கு நகரத்தில், நிலமட்டத்தில் அறையும் உள்ளே கழிவறையும் உள்ள ஒரு வீட்டைச் சொல்லிவிட்டு, ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறார்.

"வந்தவையோ?" என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்.

"வந்தவை. வெள்ளிக்கிழமை எண்டபடியால் மரக்கறிதான். அந்த அம்மா பின்னேரம் மட்டும் விறாந்தையிலை இருந்து கதைச்சுப்போட்டுப் போனவா. மேற்குச் சுவரைப் பார்த்திட்டு, தங்கடை வீட்டிலையும் உப்பிடி இருந்தது எண்டா."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"கேட்டவா. சொன்னனான்."